அம்பது டிகிரின்னு ஒரு சட்டமே இல்ல: மத்தியான வேலைத் தடைக்கும் வெயில் நம்பருக்கும் என்ன சம்பந்தம்?

தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஒரு தெருவுல நாலு வீடு எடுத்தா ஒரு வீட்லயாவது கல்ஃப் போயிட்டு வந்த ஆள் இருப்பாரு, அவர்கிட்ட வெயில பத்தி பேச்சு குடுத்தீங்கன்னா கண்டிப்பா இத சொல்லுவாரு: "அங்க அம்பது டிகிரி தாண்டுனா வேலைய நிறுத்தணும்னு சட்டம் இருக்குபா, அதனாலதான் நியூஸ்ல எப்பவும் நாப்பத்தொம்பதுன்னே போடுவான்." எங்க ஏரியாவுல இது டீக்கடை வரைக்கும் நம்புற விஷயம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா உண்மை இல்ல.

எமிரேட்ஸ், சவுதி, குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாத்துலயும் வெயில் காலத்துல வெளி வேலைக்கு மத்தியானத் தடை இருக்கு, அது நெஜம். ஆனா அந்த மத்தியானத் தடை விதியில டிகிரியே வராது, வர்றது தேதியும் மணியும்தான். எமிரேட்ஸ்ல ஜூன் 15லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பன்னெண்டரையிலருந்து மூணு மணி வரைக்கும் திறந்த வெளியில நேரடி வெயில்ல ஆள வேலை வாங்கக்கூடாது. சவுதியில அதே மூணு மாசம், பன்னெண்டுலருந்து மூணு. குவைத்ல ஜூன், ஜூலை, ஆகஸ்ட், காலைல பதினொண்ணுலருந்து சாயங்காலம் நாலு. அன்னிக்கு மேகம் போட்டு கொஞ்சம் குளுகுளுன்னு இருந்தாலும் தடை தடைதான், செப்டம்பர் 16ஆம் தேதி நெருப்பா கொட்டுனாலும் இந்த விதிப்படி தடை கிடையாது.

நாப்பத்தொம்பதுல நிறுத்தி வெப்பாங்கன்றதுக்கும் ஆதாரம் நிக்காது, ஏன்னா குவைத்ல மித்ரிபான்ற எடத்துல 2016 ஜூலை 21 அன்னிக்கு 53.9 டிகிரி பதிவாச்சு, உலக வானிலை அமைப்பு அத செக் பண்ணி ஒத்துக்கிச்சு. மறைக்கிறவன் இத எதுக்கு வெளிய விடப்போறான்.

அப்போ கேள்வி என்னன்னா, வெயிலுக்காக போட்ட சட்டத்துல ஏன் வெயிலோட நம்பர் இல்லாம கடிகாரம் இருக்கு? இத புரிஞ்சிக்கணும்னா முதல்ல நியூஸ்ல சொல்ற அந்த நம்பர் எங்கருந்து வருதுன்னு பாக்கணும்.

சென்னைக்கு டிகிரி சொல்றது பெரும்பாலும் ரெண்டு எடத்துலருந்து, நுங்கம்பாக்கம் அப்புறம் மீனம்பாக்கம். அங்க தெர்மாமீட்டர் வெயில்ல கெடக்காது. வெள்ளை பெயிண்ட் அடிச்ச ஒரு மரப்பெட்டி, நாலு பக்கமும் ஜன்னல் சட்டம் மாதிரி சாய்ஞ்ச பலகை, காத்து உள்ள போய் வரும் ஆனா வெயில் உள்ள விழாது, தரையிலருந்து ஆள் நெஞ்சு ஒசரத்துல நிக்கும். ஸ்டீவன்சன் பெட்டின்னு சொல்லுவாங்க. அதுக்குள்ள இருக்கற தெர்மாமீட்டர் காட்டுறது நிழல்ல இருக்கற காத்தோட சூடு, அவ்ளோதான். இப்படி அளக்கறதுல தப்பு ஒண்ணும் இல்ல, உலகம் பூரா ஒரே மாதிரி அளந்தாதான் ஊருக்கு ஊரு ஒப்பிட முடியும். ஆனா மொட்டை மாடியில நின்னு கம்பி கட்டுறவர் அந்த பெட்டிக்குள்ள இல்லையே. அவரு தலைக்கு மேல சூரியன், காலுக்கு கீழ சூடேறுன சென்ட்ரிங் ஷீட்டு, கையில அதே சூட்டுல கெடந்த கம்பி. "நியூஸ்ல 38ன்னான், என் கார்ல 44 காட்டுது"ன்னு சண்டை போடுறவங்களுக்கும் பதில் இதுதான், கார் சென்சார் தார் ரோட்டுக்கு பக்கத்துல சூட்ட வாங்கிக்கிட்டு காட்டுது, பெட்டி புல் தரைக்கு மேல நிழல்ல நின்னுக்கிட்டு காட்டுது, ரெண்டும் பொய் சொல்லல, வேற வேற விஷயத்த அளக்குது.

அப்போ ஒரு ஆளு மேல எவ்ளோ சூடு ஏறுதுன்னு எப்படி கணக்கு போடுறது?

ஒடம்புக்குள்ள சுமார் 37 டிகிரி, தோல் சூட்டுல இருக்கும்போது சுமார் 35. சும்மா ஒக்காந்திருந்தாலே ஒடம்பு சூட்ட உண்டாக்கிட்டேதான் இருக்கும், கலவை சட்டி தூக்கி ஏணி ஏறுறவரு ஒடம்புல சுமாரா 400 வாட் சூடு உண்டாகும்னு வெச்சிக்கலாம். சாப்பாட்டுலருந்து வர்ற சக்தியில கொஞ்சம்தான் உருப்படியா வேலையா மாறுது, மீதி அத்தனையும் சூடுதான். அந்த சூடு வெளிய போயாகணும். காத்து 28 டிகிரியில இருந்தா தோல்லருந்து காத்துக்கு சூடு தானா எறங்கிடும். காத்தே 38ல இருந்தா கதை தலைகீழ், காத்துலருந்து ஒடம்புக்கு சூடு ஏறும். அதுக்கு மேல வெயில் வேற, உச்சி நேரத்துல ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் கிட்ட கொட்டும்.

மிச்சம் இருக்கற ஒரே வழி வேர்வை. மண்பானையில தண்ணி எப்படி ஜில்லுன்னு ஆகுதோ அதே வேலைதான், ஈரம் ஆவியாகும்போது கூடவே சூட்ட எடுத்துட்டு போகுது. அந்த 400 வாட்ட மட்டும் வெளிய தள்ள மணிக்கு அரை லிட்டருக்கு மேல, சுமார் 600 மில்லி வேர்வை ஆவியாகணும். வேர்வை வந்தா மட்டும் பத்தாது, ஆவியாகணும், இங்கதான் நம்ம ஊரு மாட்டிக்குது. சட்டை நனைஞ்சு சொட்டு சொட்டா கீழ விழுற வேர்வை ஒடம்பு சூட்ட எடுத்துட்டுப் போகல, தண்ணியும் உப்பும்தான் நஷ்டம். காத்துல ஏற்கனவே ஈரம் அதிகமா இருந்தா ஆவியாகறது மந்தமாயிடும், அதத்தான் நாம புழுக்கம்னு சொல்றோம்.

ஆக சூடு, ஈரம், வெயில், காத்து வீசற வேகம், நாலும் சேந்துதான் ஆள அமுக்குது, தெர்மாமீட்டர் இதுல ஒண்ணத்தான் காட்டுது. இந்த நாலையும் ஒரே நம்பர்ல கொண்டு வர 1950கள்ல அமெரிக்க மரைன் படை பயிற்சி முகாம்கள்ல ஒரு அளவு வந்துச்சு, பயிற்சிக்கு வர்ற பசங்க வெயில்ல சுருண்டு விழுந்துட்டே இருந்ததால. பேரு டபிள்யூபிஜிடி. தொழிலாளர் வெயில் பத்தி பேசறவங்க இன்னிக்கும் இததான் அதிகமா எடுத்துக்குறாங்க.

இதுக்கு மூணு தெர்மாமீட்டர் வேணும். ஒண்ணு சாதாரண தெர்மாமீட்டர், நிழல் காட்டி வெச்சது. ரெண்டாவது, குமிழ் மேல ஈரத் துணித்திரி சுத்துன தெர்மாமீட்டர், இது வெயில்லயும் காத்துலயும் அப்படியே தொறந்து நிக்கும், திரியிலருந்து தண்ணி எவ்ளோ ஆவியாகுதோ அவ்ளோ கீழ எறங்கும், நம்ம வேர்வை தோல் நிலைமைய இதுதான் காட்டுது. மூணாவது, மங்கலான கறுப்பு அடிச்ச மெலிசான செம்பு உருண்டை, 15 சென்டிமீட்டர் குறுக்களவு, நடுவுல தெர்மாமீட்டர், வெயிலும் சூடேறுன தரையும் சுவரும் எவ்ளோ அனல் அடிக்குதுன்னு இது சொல்லும். அப்புறம் இப்படி கூட்டணும்:

```
WBGT = 0.7 × ஈரத்திரி + 0.2 × கறுப்பு உருண்டை + 0.1 × சாதா
```

பாருங்க, நியூஸ்ல வர்ற சாதா சூட்டுக்கு பத்துல ஒரு பங்குதான் மரியாதை. ஈரத்துக்கு பத்துல ஏழு.

இத நம்ம ஏரியாவுக்கு வெச்சு ஒரு கணக்கு போட்டு பாப்போம். கீழ வர்றது நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட நம்பர்கள்தான், குறிப்பிட்ட ஒரு நாள் அளந்தது இல்ல, ஆனா மே மாசத்துக்கு நடக்கக்கூடியதுதான்.

மே மாசம், கத்திரி, காலைல பதினொன்றரை. வண்ணாரப்பேட்டையில ஒரு மொட்டை மாடி. கடல் காத்து இன்னும் வரல, மேக்கால இருந்து வறண்ட அனல் காத்து. சாதா தெர்மாமீட்டர் 38, ஈரப்பதம் 45 சதவீதம். வெயில்ல நிக்கற ஈரத்திரி 29, கறுப்பு உருண்டை 52. 29ஐ 0.7ஆல பெருக்குனா 20.3, 52ஐ 0.2ஆல பெருக்குனா 10.4, 38ல பத்துல ஒண்ணு 3.8. மொத்தம் 34.5.

இப்போ மத்தியானம் ரெண்டு மணி. கடல் காத்து உள்ள வந்துடுச்சு, வட சென்னைக்காரனுக்கு இது தெரியாத சங்கதி இல்ல, காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் முதல்ல வரும், அப்புறமாத்தான் அது மெல்ல மேக்க நகரும், "அப்பாடா காத்து வந்துச்சு"ன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சாதா தெர்மாமீட்டர் 35க்கு எறங்கிடுச்சு. ஆனா கடல்லருந்து வந்த காத்து ஈரத்தோட வந்திருக்கு, ஈரப்பதம் 65 சதவீதம். ஈரத்திரி எறங்கல, 30க்கு ஏறிடுச்சு. காத்து வீசறதால உருண்டை 46. கூட்டுங்க: 21, 9.2, 3.5. மொத்தம் 33.7.

தெர்மாமீட்டர்ல மூணு டிகிரி எறங்குச்சு, ஒடம்பு மேல உள்ள பாரத்துல ஒரு டிகிரி கூட எறங்கல. மேஸ்திரி போன்ல பாத்துட்டு "டேய் முப்பத்தஞ்சுதான்டா, ஏறுங்கடா மேல"ன்னு சொன்னா அவரு பாத்த நம்பர் சரி, எடுத்த முடிவு தப்பு.

இன்னொண்ணும் போட்டு பாத்துடலாம். கடலே பக்கத்துல இல்லாத பாலைவன ஊரு, ரியாத் மாதிரி. 44 டிகிரி, ஈரப்பதம் வெறும் 10 சதவீதம். வெயில்ல ஈரத்திரி 22.5, உருண்டை 58. கணக்கு: 15.75, 11.6, 4.4. மொத்தம் 31.75. நாப்பத்தி நாலு டிகிரி பாலைவனம், கடல் காத்து அடிக்கிற முப்பத்தஞ்சு டிகிரி ராயபுரத்த விட ரெண்டு டிகிரி கம்மி. இதுக்காக ரியாத்ல வேலை சுகம்னு அர்த்தம் இல்ல, அங்க வேர்வை வந்த சுவடு தெரியாம காஞ்சுடும், தாகம் தெரியறதுக்கு முன்னாடியே ஒடம்புல தண்ணி வத்திப்போகும், அது வேற ஆபத்து. ஆனா "நாப்பது தாண்டுனா நிறுத்து"ன்னு ஒரு சட்டம் போட்டா அது யாரை காப்பாத்தும் யாரை விட்டுடும்னு இப்போ தெரியுதா? கடலோரத்துக்காரன் செத்தான்.

சரி, இவ்ளோ நல்ல அளவு இருக்கும்போது கல்ஃப்ல ஏன் கடிகாரத்த புடிச்சிக்கிட்டாங்க? காரணம் ரொம்ப சாதாரணமானது. கடிகாரம் எல்லார்கிட்டயும் இருக்கு. இன்ஸ்பெக்டர் சைட்டுக்கு ஒரு மணிக்கு வர்றாரு, ஆள் வெயில்ல நிக்குது, கேஸ் முடிஞ்சுது. எமிரேட்ஸ்ல ஒரு ஆளுக்கு 5,000 திர்ஹம் ஃபைன், ஒரே நேரத்துல நெறைய பேர் மாட்டுனா மொத்தம் 50,000 வரைக்கும். நம்பர் வெச்சு சட்டம் போட்டிருந்தா "எங்க மீட்டர் 31 காட்டுச்சு சார்"னு கம்பெனிக்காரன் சொல்லுவான், இன்ஸ்பெக்டர் மீட்டர் 33 காட்டும், எது சரின்னு பஞ்சாயத்து முடியறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அந்த மீட்டரும் லேசுப்பட்டது இல்ல, பெரிய உருண்டை சூடேறி ஒரு நிலைக்கு வர இருபது நிமிஷம் கிட்ட ஆகும், திரி அழுக்கா இருந்தாலோ உப்புத் தண்ணி ஊத்தியிருந்தாலோ சரியா ஆவியாகாம தப்பா காட்டும், திரி காஞ்சே போச்சுன்னா ஈரத்திரியே சாதா தெர்மாமீட்டர் ஆயிடும்.

எந்த மணிக்கு தடைன்றதும் சும்மா எடுத்த நேரம் மாதிரி தெரியல. கத்தார்ல 2007ல வந்த பழைய விதிப்படி தடை பதினொன்றரைக்கு ஆரம்பிக்கும், எமிரேட்ஸ்ல பன்னெண்டரைக்கு. ஒரு மணி நேரம் ஏன் வித்தியாசம்? மேப்ப எடுத்து பாத்தா தோஹாவுல அவங்க கடிகாரப்படி கோடையில சூரியன் உச்சிக்கு வர்றதே பதினொண்ணு நாப்பது வாக்குலதான். துபாய் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுறதால அங்க உச்சி பன்னெண்டு இருபத்தஞ்சு வாக்குல. ரெண்டு நாட்டுலயும் தடை தொடங்கறது கிட்டத்தட்ட சூரிய உச்சியில. நம்ம சென்னைக்கு மே மாசத்துல உச்சி பன்னெண்டு அஞ்சு வாக்குல, அதுவும் ஏப்ரல் கடைசியில சூரியன் நேரா மண்டைக்கு மேலயே வந்துடும், நம்ம நிழல் நம்ம காலடியிலயே கெடக்கும். நேரா நிக்கறவனுக்கு தலையும் தோளும்தான் வாங்கும், குனிஞ்சு கம்பி கட்டுறவருக்கு முதுகு பூரா வாங்கும்.

அப்புறம் காத்தோட சூடு உச்சிக்கு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் உச்சத்த தொடும், ஏன்னா சூரியன் முதல்ல தரைய சூடாக்கும், தரை காத்த சூடாக்கும். அதனால உச்சியில ஆரம்பிச்சு மூணு மணிக்கு முடியற தடை, தெர்மாமீட்டர் உச்சத்துல நிக்கற நேரத்த ஓரளவு மூடிடும். வறண்ட ஊருக்கு இது பரவால்ல.

பிரச்சனை கடலோரத்துல. தோஹா, துபாய் எல்லாம் நம்மள மாதிரி கடலோர ஊருதான், கோடையில அந்தக் கடல் தண்ணியே வெதுவெதுன்னு இருக்கும், ஆகஸ்ட்ல காலைல எட்டு ஒம்போது மணிக்கே புழுக்கம் ஒட்டிக்கும். பதினொன்றரைக்கு தடைன்னு வெச்சா கம்பெனி என்ன பண்ணும், பதினொன்றரை வரைக்கும் ஆள புழிஞ்சிடும். கத்தார் தொழிலாளர் அமைச்சகமும் ஐநாவோட ஐஎல்ஓவும் சேந்து 2019 கோடையில கிரீஸ் நாட்டு தெசாலி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்த வெச்சு வெளி வேலைக்காரங்க மேல வெயில் என்ன பண்ணுதுன்னு அளந்தாங்க. அதுக்கப்புறம் 2021ல விதி மாறிச்சு. தடை மாசம் ஜூன் 1லருந்து செப்டம்பர் 15 வரைக்கும் நீண்டுச்சு, நேரம் காலைல பத்துலருந்து மத்தியானம் மூன்றரை வரைக்கும் ஆச்சு. அதோட முக்கியமான ஒரு வரி சேத்தாங்க: மணி என்னவா இருந்தாலும் சரி, டபிள்யூபிஜிடி 32.1 டிகிரிய தாண்டுனா வேலைய நிறுத்தணும்.

அதாவது கடிகாரமும் நம்பரும் ரெண்டும். கடிகாரம் மீட்டர் இல்லாத சைட்டுக்கும் பாதுகாப்பு குடுக்குது, நம்பர் கடிகாரம் கோட்டை விடற காலை நேரத்தையும் பிடிக்குது. என்ன கேட்டா இருக்கறதுல உருப்படியான டிசைன் இதுதான், அமல் எப்படி நடக்குதுன்றது தனி சண்டை. நாம போட்ட கணக்க இங்க வெச்சு பாருங்க, 34.5உம் 33.7உம் ரெண்டுமே 32.1க்கு மேல. அந்த விதி இங்க இருந்திருந்தா வண்ணாரப்பேட்டை மாடியில பதினொன்றரைக்கும் நிறுத்தணும், காத்து வந்த பிறகும் நிறுத்தணும். 44 டிகிரி ரியாத் கணக்கு மயிரிழையில தப்பிச்சுடும்.

ஆனா 32.1க்கு கீழன்னா சேஃப்ன்னு யாரும் எடுத்துக்கக்கூடாது, இத நெறைய பேர் தப்பா புரிஞ்சிக்கறாங்க. 32.1ன்றது எல்லாத்தையும் நிறுத்துற கோடு. எந்த வேலைக்கு எந்த அளவுலருந்து கவனமா இருக்கணும்னு ஐஎஸ்ஓ 7243ன்னு ஒரு தரவிதி இருக்கு. வெயில் பழகுன ஆள் நடுத்தரமான வேலை செய்யும்போது 28, சட்டி தூக்கறது, கடப்பாரை போடறது மாதிரி கஷ்ட வேலைக்கு 26. அதுக்கு மேல போனா இடையில ஓய்வு, வேலைய மாத்துறது, நிழல், இதெல்லாம் யோசிக்கணும்னு அர்த்தம். சென்னையில மே மாசத்துல 26ன்றது விடியக்காலையிலயே தாண்டிடக்கூடிய நம்பர்.

வெயில் பழகாத புது ஆளுக்கு அந்த 26உம் கிடையாது, 23தான். ஒடம்பு பழக ஒரு வாரத்துலருந்து ரெண்டு வாரம் ஆகும், அந்த நாள்ல ஒடம்பு சீக்கிரமா வேர்க்க கத்துக்கும், வேர்வையில உப்ப மிச்சம் பிடிக்கும், ரத்தத்தோட அளவும் கூடும். அதனால அமெரிக்காவுல தொழில் பாதுகாப்பு நிறுவனம் என்ன சொல்லுதுன்னா, புது ஆள முதல் நாள் அஞ்சுல ஒரு பங்கு நேரம்தான் சூட்டுல வேலை வாங்கு, அப்புறம் தினம் அஞ்சுல ஒரு பங்கா ஏத்து. நம்ம சைட்ல நடக்கறது நேர் எதிர், ஊர்லருந்து ரயில்ல வந்து எறங்குன பையன்கிட்டதான் முதல் நாளே சட்டிய குடுப்பாங்க. ஜுரம் வந்து ஒரு வாரம் படுத்துட்டு வர்ற பழைய ஆளும் கிட்டத்தட்ட புது ஆள்தான், பழக்கம் அவ்ளோ சீக்கிரம் எறங்கிடும்.

எல்லை மீறுனது எப்படி தெரியும்னா, முதல்ல தசைப்பிடிப்பு, தலைவலி, வாந்தி வர்ற மாதிரி, கண்ணு இருட்டறது. இதுலயே நிறுத்தி நிழலுக்கு கூட்டிட்டு போயிடணும். அடுத்த கட்டம்தான் பயங்கரம், ஆள் ஒளற ஆரம்பிப்பாரு, கேட்டதுக்கு சம்பந்தமில்லாம பதில் சொல்லுவாரு, நடை தள்ளாடும், சிலர் காரணமே இல்லாம சண்டைக்கு வருவாங்க. "குடிச்சிட்டு வந்திருக்கான்"னு ஓரமா படுக்க வெச்சிடறது இங்கதான் நடக்கும். உள்சூடு 40 தாண்டிட்டா மூளை தடுமாறுது, அது ஹீட் ஸ்ட்ரோக். "வேர்வை வருதே, அப்போ ஸ்ட்ரோக் இல்ல"ன்னு நெனைக்காதீங்க, உழைக்கும்போது வர்ற ஸ்ட்ரோக்ல ஆள் நனைஞ்சேதான் கெடப்பாரு. 108க்கு போன் பண்ணிட்டு வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம, சட்டைய கழட்டி ஒடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறணும், நெனவு தடுமாறுறவர் வாயில தண்ணி ஊத்தக்கூடாது.

தடைன்னா எல்லா வேலையும் நின்னுடுதான்னும் கேப்பாங்க. இல்ல. எமிரேட்ஸ்ல தண்ணி லைன், கரண்ட் லைன் பழுது, தள்ளிப்போட முடியாத கான்கிரீட், தார் வேலைக்கெல்லாம் விலக்கு இருக்கு, அப்பவும் நிழலும் குடிக்க தண்ணியும் குடுத்தாகணும். கான்கிரீட்டுக்கு ஏன்னா, தளம் போட ஆரம்பிச்சிட்டு நடுவுல மூணு மணி நேரம் விட்டா முதல்ல போட்டது எறுகிடும், அப்புறம் போடறது அதோட சரியா ஒட்டாது, அந்த கோட்டு வழியா மழைக்கு ஒழுகும். அதனால அங்க பெரிய கான்கிரீட் வேலைய ராத்திரிக்கு தள்ளிடறாங்க. நம்ம பக்கம் வீட்டுக்கு தளம் போடறவங்களும் காலைல ஆறுக்கே மிஷின ஓட்டிடுவாங்க, ஆனா ஜல்லி லாரி லேட்டு, ஆள் லேட்டுன்னு இழுத்து கடைசி பாதி சரியா பன்னெண்டுலருந்து ரெண்டுக்குள்ள வந்து விழும்.

வேலைய நிறுத்தவே முடியாதப்போ நிழல் எவ்ளோ உதவும்னும் அதே கணக்குல பாக்கலாம். அந்த ரெண்டு மணி மாடி, காத்து வீசிக்கிட்டிருக்கு, மேல பச்சை வலை நல்லா நெருக்கமா கட்டியாச்சு. வெயில் விழாதப்போ கணக்கு கொஞ்சம் மாறும், ஈரத்திரிக்கு 0.7, உருண்டைக்கு 0.3. ஈரத்திரி 29.5, உருண்டை 36ன்னு வெச்சா 20.65, 10.8, மொத்தம் 31.45. வலை ஒண்ணே ரெண்டு டிகிரிக்கு மேல எறக்கிடுச்சு, 32.1 கோட்டுக்கு கீழ கொண்டு வந்துடுச்சு. ஆனா கவனிங்க, ஈரத்த வலையால ஒண்ணும் பண்ண முடியல. அதே மாதிரி துறைமுகம் பக்கம் தகர ஷெட்டுக்குள்ளயோ கன்டெய்னர் உள்ளயோ மூட்டை ஏத்தறவங்க "நிழல்லதான இருக்காங்க"ன்ற கணக்குல வருவாங்க, அங்க தகரமே அனல் அடிக்கும், காத்தும் வராது, வெளிய விட மோசமா இருக்கும். "நேரடி வெயில்"னு மட்டும் எழுதுன சட்டம் இவங்கள கண்டுக்காது.

இந்தியாவுல நாடு முழுக்க இப்படி ஒரு மத்தியானத் தடை கிடையாது. பக்கத்துல கேரளாவுலதான் ஒழுங்கா வருசா வருசம் நடக்குது, வெயில் ஏறுனதும் லேபர் கமிஷனர் உத்தரவு போடுவாரு, நேரடி வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் ஓய்வு, எட்டு மணி நேர வேலைய காலைல ஏழுலருந்து சாயங்காலம் ஏழுக்குள்ள பிரிச்சுக்கணும். தமிழ்நாட்டுல 2024ல வெப்ப அலைய மாநிலப் பேரிடரா அறிவிச்சாங்க, அது நிவாரணத்துக்கு ஒதவும், வேலை நேரத்த அது தொடாது. வானிலைத் துறை கடலோரத்துக்கு வெப்ப அலைன்னு சொல்லணும்னா பொதுவா 37 டிகிரியாவது இருக்கணும், வழக்கத்த விட 4.5 டிகிரி அதிகமாவும் இருக்கணும். ரெண்டும் அந்த மரப்பெட்டிக்குள்ள இருக்கற சாதா தெர்மாமீட்டர் நம்பர்தான். நாம போட்ட ரெண்டு மணி கணக்குல பெட்டி 35தான் காட்டும், அந்த நேரத்து நம்பர வெச்சு பாத்தா அது வெப்ப அலையே இல்ல.

கூலி விஷயமும் இதுல ஒட்டிக்கிட்டே வரும். நாள் கூலிக்காரருக்கு மத்தியானம் மூணு மணி நேரம் ஓய்வுன்னா ஒண்ணு காலைல அஞ்சு மணிக்கே வரணும், இல்ல ராத்திரி ஏழுக்குத்தான் போகணும், எண்ணூர்லருந்து பஸ் புடிச்சு வர்ற சித்தாள் அக்காவுக்கு வீட்ல சமைச்சு வெச்சிட்டு அஞ்சுக்கு வர்றதுன்னா எத்தன மணிக்கு எழுந்திரிக்கணும். மூட்டைக்கு இவ்ளோன்னு வாங்கறவங்களுக்கு ஓய்வு நேரத்துக்கு காசே கிடையாது, அவங்களே தடைய மீறி ஏறுவாங்க. அதனால இங்க இப்படி ஒரு விதி எழுதும்போது எந்த மணிக்கு நிறுத்தணும்ன்றதோட, நிறுத்துன அந்த நேரத்துக்கு கூலி யாரு குடுப்பாங்கன்றதையும் அதே விதியில எழுதியாகணும்.